74%, 14%, 4%: டெல்லி ஒற்றை-இரட்டை திட்டத்தில் எந்த எண் சரி?

டெல்லியில் 2016 ஜனவரி 1 முதல் 15 வரை ஒற்றை-இரட்டை கார் திட்டம் அமலில் இருந்தது. காற்று மாசு குறைந்ததா? 2017-ல் வெளியான மூன்று ஆய்வுகளின் சுருக்கங்களை போனில் படம் எடுத்துப் பார்த்தால், மூன்றும் மூன்று பதில் சொல்லும். அவற்றை ஒரே அட்டவணையில் போட்டால் காரணம் புரியும்.

முதலில் என்ன செய்யணும்?

படங்களுக்கு எண் கொடுங்க. ஒரு ஆய்வுக்கு ஒரு வரிசை. அதில் மாதிரி, முறை, முக்கிய முடிவு என மூன்று பத்திகள். நான்காவதாக ‘எதோடு ஒப்பிட்டார்கள்’, கடைசியில் பட எண்.

| ஆய்வு | மாதிரி | முறை | முடிவு (நுண்துகள்) |
|---|---|---|---|
| குமார் குழு | தரை கண்காணிப்பு நிலையங்கள் | மணிக்கணக்கு அளவீடு | சில மணி நேரங்களில் 74% வரை குறைவு |
| கிரீன்ஸ்டோன் குழு | டெல்லி, அண்டை நகர நிலையங்கள் | இரு இடங்களின் மாற்றத்தை ஒப்பிடுதல் | ஜனவரியில், திட்டம் அமலில் இருந்த நேரத்தில் 14-16% குறைவு. ஏப்ரலில் குறைவு இல்லை |
| சவுத்ரி குழு | டெல்லி பரப்பு முழுவதும் | செயற்கைக்கோள் தரவு | சராசரியாக 4-6% குறைவு |

அப்போ யார் சொல்வது சரி?

மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். 74% என்பது உச்சம். அதில் ‘வரை’ என்ற சொல்தான் முக்கியம். 14-16% என்பது திட்டம் அமலில் இருந்த பகல் நேரத்துக்கான கணக்கு. அண்டை நகரங்களோடு ஒப்பிட்டதால், இரு பக்கமும் ஒரே மாதிரி பாதிக்கும் வானிலையின் பங்கு பெருமளவு கழிந்துவிடும். 4-6% என்பது நகரப் பரப்பின் சராசரி. இந்த மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் வரும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

எங்கே தப்பு நடக்கும்?

படத்தை எழுத்தாக மாற்றும்போது எண்களுக்கு நடுவே இருக்கும் கோடு காணாமல் போகும். 14-16 என்பது 1416 ஆகிவிடும். PM2.5 என்பது PM25 ஆகும். µg என்பதில் µ வேறு எழுத்தாக மாறும். நூறு சதவீதத்துக்கு மேல் குறைவு என்று வந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால், ‘வரை’ என்ற சொல் விடுபட்டால் தெரியவே தெரியாது. அதனால் முடிவுப் பத்தியில் முழு வாக்கியத்தையும் அப்படியே எழுதிவிட்டு, படத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்க.

சுருக்கத்தில் மாதிரி அளவு இல்லையென்றால் ஊகித்து நிரப்பாதீங்க. ‘சுருக்கத்தில் இல்லை’ என்று எழுதுங்க. அந்தக் கட்டங்கள்தான் எந்த ஆய்வை முழுசாகப் படிக்கணும் என்று காட்டும். கிரீன்ஸ்டோன் வரிசையில் ஏப்ரல் முடிவு தனியாக நிற்பதைக் கவனிங்க. அதே திட்டம் ஜனவரியில் பலன் தந்து, ஏப்ரலில் ஏன் தரவில்லை? அட்டவணை எழுப்பும் அந்தக் கேள்விக்கு விடை சுருக்கத்துக்கு வெளியே, முழு ஆய்வில்தான் தேடணும்.