பின்னணியைச் சுட்டிப் பேசும் காணொளி

க்ரீன் ஸ்கிரீன் விளக்கக் காணொளியில் பேசுபவருக்குப் பின்னால் படங்கள் மாறிக்கொண்டே இருக்கும்; அவர் அவற்றைக் கையால் சுட்டி விளக்குவார். தொலைக்காட்சி வானிலை அறிக்கையில் எல்லோரும் பார்த்த முறைதான். உண்மையில் அவருக்குப் பின்னால் இருப்பது வெறும் பச்சைத் துணி. மென்பொருள் அந்தப் பச்சையை நீக்கிவிட்டுப் படத்தை வைக்கிறது. சுட்டும் இடம் பேசுபவரின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எந்தச் சொல்லில் எந்தப் படம் வரும், கை எங்கே போகும் என்பதை முன்பே எழுதியாக வேண்டும். அப்படி எழுதப்படும் ஒவ்வொரு துண்டும் ஒரு பீட்: ஒரு படம், ஒரு கருத்து, ஒரு கையசைவு.

‘ஜூலையில் கேரளம் நனையும்போது சென்னை ஏன் அவ்வளவாக நனைவதில்லை?’ என்ற 40 நொடிக் காணொளியை எடுத்துக்கொள்ளலாம். நிதானமாகப் பேசினால் இதில் சுமார் 70 சொற்கள்தான் அடங்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது பேசுபவர் நிற்கும் இடம். தென்னிந்திய வரைபடத்தில் அவர் வலப்பக்கம் நின்றால் வங்கக் கடல் மறைந்துவிடும். விடையே அங்கேதான் இருக்கிறது. அரபிக் கடலின் மேல், கீழ் மூலையில் நிற்பதே சரி. மேற்கிலிருந்து வரும் காற்றின் அம்புக்குறி அவர் தலைக்கு மேலே தொடங்கட்டும்.

முதல் பீட் 6 நொடி. நனைந்த தெரு ஒன்று, காய்ந்த தெரு ஒன்று. கேள்வி மட்டும், கை அசைவதில்லை. இரண்டாவதில் வரைபடம் வருகிறது. தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து, மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டுகிறது; கை மலைத்தொடரில் நிற்கிறது. மூன்றாவதில் மலையின் கிழக்குப் பக்கம் பழுப்பாக மாற, ஈரம் இழந்த காற்று இறங்குவதைக் கை காட்டுகிறது. நான்காவது பீட்டுக்கு 12 நொடி தரலாம். அம்புக்குறி திசை மாறி வடகிழக்கிலிருந்து வங்கக் கடலைக் கடந்து, ஈரம் சுமந்து கரையேறுகிறது. கையும் கடலிலிருந்து சென்னைக்கு வருகிறது. கடைசி 4 நொடியில் சென்னை மழையும் ‘அக்டோபர் – டிசம்பர்’ என்ற எழுத்தும் போதும். இடையிலுள்ள மூன்று பீட்டுக்கும் வரைபடத்தின் அளவு மாறவே கூடாது. மாறினால் பார்ப்பவர் ஊரை மறுபடி தேட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பீட்டிலும் படம் முதலில், கை அடுத்து, இடத்தின் பெயர் கடைசியில். பெயரைச் சொன்னபின் கை போனால், பார்ப்பவரின் கண் அதற்குள் வேறெங்கோ அலைந்திருக்கும்.

அதிகம் நேரும் பிழை இடவலக் குழப்பம். கைபேசியின் முன் கேமரா காட்டும் முன்னோட்டம் கண்ணாடிபோலத் திரும்பித் தெரியும். அதனால் ஸ்கிரிப்டில் ‘வலது கை’ என்று எழுதாமல் ‘கடல் பக்கக் கை’ என்று எழுதுவது நல்லது. துணியே இல்லாமல் ஆளைப் பிரித்தெடுக்கும் செயலிகளில் இன்னொரு தொல்லை உண்டு: வேகமாக அசையும் விரல் பாதியில் காணாமல் போகும். விரலுக்குப் பதில் விரித்த கையைக் காட்டி ஒரு நொடி நிறுத்தினால் தப்பிக்கலாம். எடுத்து முடித்ததும் ஒலியை அணைத்து ஓடவிட வேண்டும். காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்பது அப்போதும் விளங்காவிட்டால், திருத்த வேண்டியது படமும் கையும்தான், பேச்சல்ல.