கடிக்காத வண்டு, கொப்புளக் கோடு

இரவில் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. கை தானாக நசுக்கியது. மறுநாள் அந்த இடத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு, பிறகு எரிச்சல், கொப்புளம். 2022 ஜூலையில் கிழக்குச் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் சுமார் நூறு பேர் இப்படித்தான் அவதிப்பட்டார்கள்.

காரணம் பேடரஸ் வண்டு. கறுப்பும் ஆரஞ்சும் கலந்த, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான பூச்சி. அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. உடல் நசுங்கும்போது வெளிவரும் பெடரின் என்ற நஞ்சுதான் தோலைப் புண்ணாக்குகிறது. அந்த நஞ்சைத் தயாரிப்பதும் வண்டு அல்ல, அதற்குள் வாழும் பாக்டீரியா! விரல் தேய்த்த திசையிலேயே கோடு விழுகிறது. முழங்கை மடிப்பில் பட்டால், மடிப்பின் மறுபக்கத்திலும் அதே புண் பதியும். எரிச்சல் தொடங்கப் பெரும்பாலும் ஒரு நாள் ஆவதால், பலர் இதை அக்கி என்று எண்ணிவிடுகிறார்கள்.

மழைக்குப் பின் இந்த வண்டு ஏன் பெருகுகிறது? முட்டையும் புழுவும் ஈர மண்ணில்தான் பிழைக்கும். வளர்ந்த வண்டுகள் இரவில் விளக்கொளியைத் தேடி வீட்டுக்குள் வருகின்றன.

உடலில் ஏறினால் அடிக்காதீர்கள். ஊதிவிடுங்கள், அல்லது காகிதத்தில் ஏற்றி அகற்றுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியால் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். அந்தக் கையால் கண்ணைத் தொடக்கூடாது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் அலசிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு களிம்பும் அவர் சொன்னால் மட்டுமே.