எதுக்கு இந்த மாத்திரை?

இரவு எட்டு மணி. மருந்துத் தட்டோடு ஒவ்வொரு கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்புமாக அன்று காலையில் சேர்ந்திருந்தார் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். அவருக்கு 25 மில்லிகிராம் மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை.

மருந்து கொடுக்குமுன் ஐந்து விஷயங்களைப் பார்த்தாக வேண்டும் என்பது நர்ஸிங் மாணவிகளுக்கு மனப்பாடம்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அன்றும் பார்த்தேன். “நீங்க இன்னார்தானே?” என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். அதனால் “உங்க பேரைச் சொல்லுங்க” என்று கேட்டு, கையில் கட்டியிருந்த பட்டையோடு ஒப்பிட்டேன். மாத்திரை அட்டையில் இருந்த பெயரைக் கேஸ் ஷீட்டோடு வைத்துப் பார்த்தேன். அளவு 25, சரி. வாய்வழி, சரி. எட்டு மணி, சரி. மாத்திரையைப் பிரித்து நீட்டினேன்.

“எதுக்கு சிஸ்டர் இது?”

“பிரஷருக்குங்க.”

“எனக்கு பிரஷரே கிடையாதே. அரிப்புக்கு மாத்திரை எழுதியிருக்கேன்னுதானே டாக்டர் சொன்னார்?”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அட்டையில் இருந்தது ஹைட்ரலசின், ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. டாக்டரை அழைத்துக் கேட்டேன். அவர் எழுதியது ஹைட்ராக்ஸிசின், அலர்ஜி அரிப்புக்கானது. பிரஷர் இல்லாத அந்த மனிதர் ஹைட்ரலசினை விழுங்கியிருந்தால் ரத்த அழுத்தம் இறங்கி, நெஞ்சு படபடத்திருக்கும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் தலைசுற்றி விழுந்தும் இருக்கலாம்.

இரண்டு பெயரையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: hydralazine, hydroxyzine. இரண்டிலும் பதினோரு எழுத்து. முதல் நான்கும் ஒன்று, கடைசி நான்கும் ஒன்று. நடுவில் மூன்றெழுத்துதான் வேறு. இரண்டும் 25 மில்லிகிராமில் வருகின்றன, இரண்டையும் மூன்று வேளை கொடுப்பதுண்டு.

தவறு எங்கே புகுந்தது என்று மறுநாள் பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். டாக்டர் அவசரத்தில் எழுதியதில் அந்த நடு மூன்றெழுத்தும் ஒரு நெளிகோடாகிவிட்டிருந்தது. மருந்தகத்தில் இருந்தவர் கணினியில் முதல் நான்கு எழுத்தைத் தட்டியிருக்கிறார். அகரவரிசைப்படி ஹைட்ரலசின் மேலே வந்து நின்றிருக்கிறது. 25 என்பதும் பொருந்தவே அதையே எடுத்துக் கொடுத்துவிட்டார். என்னிடம் வந்தபோது நான் அட்டையை முதலில் படித்தேன், கேஸ் ஷீட்டைப் பிறகு படித்தேன். அட்டையில் கண்ட பெயரையே அந்த நெளிகோட்டுக்குள்ளும் என் கண் படித்துக்கொண்டது. நான் சோம்பலில் விட்டுவிடவில்லை. பார்த்தேன், பார்த்தும் தவறினேன். அளவும் வழியும் நேரமும் பொருந்தியது என் சந்தேகத்தைக் கிளப்புவதற்குப் பதிலாக அடக்கிவிட்டது.

நோயாளியை எட்டுமுன் பிடிபட்ட இப்படிப்பட்ட தவறை ஆஸ்பத்திரியில் ‘நியர் மிஸ்’ என்போம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அதை விட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்த நெளிகோடும் அந்தக் கணினிப் பட்டியலும் அப்படியேதான் இருக்கும். அடுத்த முறை கேள்வி கேட்கத் தெம்பில்லாத ஒருவரிடம் அந்த மாத்திரை போய்ச் சேரும். அதனால் நடந்ததை எழுதிக் கொடுத்தேன்.

இந்த ஜோடி உலகத்துக்கே தெரிந்த ஜோடிதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 2001இல் குழப்பம் தரும் பெயர்களில் வேறுபடும் பகுதியைப் பெரிய எழுத்தில் அச்சிடும்படி மருந்து நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அப்படி அச்சிட்டால் இந்த இரண்டும் hydrALAZINE, hydrOXYzine என்று கண்ணில் படும். எங்கள் மருந்தகக் கணினியில் இப்போது அப்படித்தான் தெரிகிறது. இரண்டு மருந்தும் வேறு வேறு அலமாரிக்கு மாறிவிட்டன. ஆனால் டாக்டரின் கையெழுத்தே புரியாதபோது பெரிய எழுத்தால் பயனில்லை. கணினியில் அழகாகத் தெரியும் இரண்டு பெயரில் எதை எடுப்பது என்பதை அந்த நெளிகோடு சொல்லாது.

அதற்கு உதவுவது ஐந்தோடு சேர்த்துக் கேட்கும் இன்னொரு கேள்விதான்: எதற்காக இந்த மருந்து? பெயர்கள் எவ்வளவு ஒத்திருந்தாலும் அரிப்பும் பிரஷரும் ஒத்திருப்பதில்லை. இப்போது எங்கள் வார்டில் மருந்தின் பெயரை முழுதாக எழுதி, பக்கத்திலேயே ‘அரிப்புக்கு’, ‘பிரஷருக்கு’ என்று காரணத்தையும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். நானும் மாத்திரையை நீட்டும்போது, “இது இன்னதுக்கு” என்று சொல்லித்தான் நீட்டுகிறேன். கேட்பவர் முகத்தில் ஒரு சுளிப்பு தெரிந்தால், கேஸ் ஷீட்டை மறுபடி திறக்கிறேன்.