பரிசளிக்கக் கைப்பை, பர்ஸ் வாங்குகிறீர்களா? தையல், ஜிப், லைனிங்கைச் சோதிப்பது எப்படி?

மும்பை: பரிசாக வாங்கப்படும் கைப்பையைக் கடையில் பார்ப்பவர் ஒருவர், அதை நாள்தோறும் சுமப்பவர் மற்றொருவர். தனக்கென வாங்கியவர் குறை தெரிந்ததும் கடைக்குத் திரும்பிச் சென்று கேட்பார். பரிசு பெற்றவரோ, கொடுத்தவர் மனம் வருந்தக்கூடும் என எண்ணிப் பெரும்பாலும் சொல்லாமலே இருந்துவிடுவார். எனவே, பொட்டலம் கட்டுவதற்கு முன் கடையிலேயே பையைச் சோதித்து வாங்குவது அவசியமாகிறது.

மும்பையின் தாராவி, கொல்கத்தா, கான்பூர், சென்னை ஆகிய இடங்களில் தயாராகும் தோல் பொருட்கள் நாடு முழுவதும் விற்பனையாகின்றன. அவற்றின் அருகிலேயே, பார்வைக்குத் தோல் போன்ற செயற்கைத் தோல் பைகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அலுவலகம் செல்லும் சகோதரிக்குப் பரிசளிக்க, ஒரே விலையில் உள்ள இரண்டு பைகளை ஒருவர் ஒப்பிடுவதாகக் கொள்வோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நிறமும் பளபளப்பும் சொல்லா. பை சுமக்கப்போகும் எடையும் அது தைக்கப்பட்ட விதமுமே சொல்லும்.

எடை விழும் இடம்

அந்தப் பையில் சுமார் ஒன்றரை கிலோ எடையுள்ள மடிக்கணினி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், உணவு டப்பா ஆகியவை வைக்கப்பட்டால் மொத்த எடை 3 கிலோவைத் தாண்டும். அந்த எடை முழுவதும் தோள்பட்டை வார் பையுடன் இணையும் இரு இடங்களில்தான் விழுகிறது. கைப்பைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிழியத் தொடங்குகின்றன.

முதல் பையில் வாரின் முனை, மேல்விளிம்பின் மடிப்புக்குள் செருகப்பட்டு ஒரே வரிசைத் தையலால் பிடிக்கப்பட்டுள்ளது. இரண்டாவது பையில் வார் சில சென்டிமீட்டர் கீழிறங்கி, சதுரமாகவும் அதன் நடுவே குறுக்காகவும் தைக்கப்பட்டுள்ளது. முதலாவதில் இழுவிசை ஒரே கோட்டில் குவிகிறது. இரண்டாவதில் அது பரப்பு முழுவதும் பகிரப்படுகிறது. பையின் உட்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வாரை அழுத்தமாக இழுத்தால் வேறுபாடு புலப்படும். தையல் துளைகள் நீள்வட்டமாக விரிந்தாலோ, நூல் இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தாலோ அந்தப் பையைத் தவிர்ப்பது நல்லது.

தையலை எண்ண ஒரு நாணயம் போதும்

தையலின் நெருக்கத்தை அறிய அளவுகோல் தேவையில்லை. 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் அங்குலம். நாணயத்தைத் தையலின் மீது வைத்து, அதன் அகலத்திற்குள் எத்தனை தையல்கள் உள்ளன என எண்ணலாம். தோல் பையில் 7 முதல் 10 வரை இருப்பது பொருத்தமானது. ஐந்துக்கும் குறைவாக இருந்தால் ஒவ்வொரு தையலும் அதிக எடையைத் தாங்க வேண்டியிருக்கும்.

நெருக்கமான தையலே வலிமையானது என்ற எண்ணம் தோலுக்குப் பொருந்தாது. துணியில் ஊசி இழைகளை விலக்கிச் செல்கிறது. தோலில் அது நிரந்தரத் துளையிடுகிறது. துளைகள் மிக நெருங்கினால், அஞ்சல் தலைகளைப் பிரிக்கும் துளைக்கோட்டைப் போல, தோல் அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும். தையலின் தொடக்கமும் முடிவும் இரண்டு மூன்று முறை மடக்கித் தைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கு நூல் முனை தொங்கினால், நாளடைவில் தையல் பிரிய வாய்ப்புண்டு.

ஜிப்பில் முதலில் பழுதாவது எது?

ஜிப் கெட்டுவிட்டது எனக் கூறப்படும்போது, பெரும்பாலும் பற்கள் நன்றாகவே இருக்கும். அவற்றை இணைக்கும் ரன்னர்தான் தேய்ந்து அகன்றிருக்கும். அதன் பிடி தளர்ந்ததும், மூடிய ஜிப் பின்னால் பிளந்துகொள்ளும். எனவே ஜிப்பை ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பது போதாது. பையின் மூலை வளைவுகளில் ஐந்தாறு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு மூடிய நிலையில் இரு பக்கங்களையும் விரல்களால் பிரித்து இழுத்தால், பற்கள் விலகக் கூடாது.

கடைகளில் பைகள் காகிதம் திணித்து விறைப்பாக வைக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் எந்த ஜிப்பும் எளிதாக ஓடும். காகிதத்தை எடுத்துவிட்டு, பையில் சில பொருட்களை வைத்துச் சோதிப்பதே சரியான முறை.

உள்ளே இருக்கும் துணி

லைனிங் எனப்படும் உட்துணியை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அது ஜிப்பின் பற்களை எட்டும் அளவுக்குத் தளர்வாக இருந்தால், அவசரமாக மூடும்போது சிக்கிக் கிழியும். மிக இறுக்கமாக இருந்தால், பை நிறையும்போது முழு எடையும் உட்துணியின் தையலில் விழும். உட்பையின் அடி மூலைகளில் விரலை அழுத்தினால் ஓட்டை இருப்பது தெரியும். சாவியும் சில்லறையும் லைனிங்கிற்கு அடியில் மறைவது அந்த வழியாகத்தான்.

அலமாரியிலேயே உரியும் செயற்கைத் தோல்

பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோலில், காற்றின் ஈரப்பதம் அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. அதனால் பை பயன்படுத்தப்படாமல் அலமாரியில் இருந்தாலும், சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியத் தொடங்கும். மும்பை, சென்னை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் இது விரைவாக நிகழும். தள்ளுபடியில் விற்கப்படும் பழைய இருப்பு, புதியது போலத் தோன்றினாலும் அதன் ஆயுளின் ஒரு பகுதி கழிந்திருக்கும்.

வாசனையை நம்பி முடிவு செய்ய இயலாது. தோலின் மணத்தைச் செயற்கையாகவும் சேர்க்க முடியும். வெட்டப்பட்ட விளிம்பு தெரியும் இடத்தைப் பார்ப்பதே நம்பகமானது. அங்கு பஞ்சு போன்ற நார்கள் தெரிந்தால் தோல்; மெல்லிய பூச்சும் அதன் கீழ் நெய்த துணியும் தெரிந்தால் செயற்கைத் தோல். ஆனால் தோல் துணுக்குகளை அரைத்துப் பசையால் ஒட்டிய தாள்களிலும் நார்கள் தெரியும். எனவே 'உண்மைத் தோல்' என்ற முத்திரை மட்டும் நீடித்த உழைப்புக்கு உத்தரவாதமாகாது.

பர்ஸ் வாங்குவோர் கவனிக்க வேண்டியது

ஆண்களுக்கான பர்ஸில் ரூபாய் நோட்டின் அளவைச் சரிபார்ப்பது அவசியம். தற்போதைய 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளமும் 66 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ஆனால் இன்னும் செல்லுபடியாகும் பழைய வகை 100 ரூபாய் நோட்டின் நீளம் 157 மில்லிமீட்டர், உயரம் 73 மில்லிமீட்டர். சிறிய பர்ஸ்களில் அந்த நோட்டின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு கசங்கும். கடையிலேயே ஒரு பழைய நோட்டை வைத்துப் பார்ப்பது எளிது. புதிய தோல் பர்ஸில் அட்டைகள் சற்று இறுக்கமாக நுழைவது குறையன்று. தோல் பயன்பாட்டில் தளரும்.

ரசீதை யார் வைத்திருப்பது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, விற்ற பொருளுக்கு ரசீது தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறையாகும். குறைபாடுள்ள பொருளை, ரசீதில் குறிப்பிட்ட காலத்திற்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அவ்வாறே கருதப்படும். ரசீதில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்கள் எனச் சட்டம் கூறுகிறது.

பண்டிகைக்கு ஒன்றரை மாதம் முன்பே வாங்கப்படும் பை, பரிசளிக்கப்படும் நாளில் அந்த 30 நாட்களையும் கடந்திருக்கும். ஆகையால் பரிசளிக்கும் தேதியைக் கடையில் தெரிவித்து, மாற்றித் தரும் காலத்தை ரசீதில் எழுதி வாங்குவது பாதுகாப்பானது. குறையிருந்தால் மாற்றிக்கொள்ளலாம் எனக் கூறி, ரசீதின் நகலையும் பரிசுடன் கொடுத்துவிடலாம். கடைக்காரர் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.