வகுப்பு ரத்து, விசா சிக்கல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் வரும் ஒரு மின்னஞ்சல் மாணவர்களின் வயிற்றைக் கலக்கிவிடும். போதிய பேர் சேராததால் வகுப்பு ரத்து என்பதுதான் செய்தி. உள்நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை குறையலாம். எஃப்-1 விசாவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கோ அங்கே தங்கும் தகுதியே கேள்விக்குள்ளாகும்.

பொருளாதாரம் படிக்கும் இளங்கலை மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் பட்டம் வாங்க வேண்டும். இந்த செமஸ்டரில் நான்கு பாடங்கள், தலா 3 கிரெடிட், மொத்தம் 12. விசா விதிப்படி இளங்கலையில் முழுநேர மாணவராக இருக்க அதுதான் குறைந்தபட்சம். ரத்தானது ஒரு கட்டாயப் பாடம். அதை ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள்.

அவளுக்கு இப்போது இரண்டு சிக்கல்கள். கிரெடிட் 9 ஆகிவிட்டது. பட்டத்துக்கு வேண்டிய பாடமும் போய்விட்டது. முதலாவதுதான் அவசரம். புதிய பாடம் சேர்க்கும் கெடு பெரும்பாலும் முதல் ஓரிரு வாரங்களில் முடிந்துவிடும். அதற்குள் ஏதாவது ஒரு பாடத்தில் இடம்பிடித்துவிட வேண்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சட்டென்று இடம் கிடைப்பது ஆன்லைன் வகுப்பில். ஆனால் முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஓர் ஆன்லைன் வகுப்பு அல்லது 3 கிரெடிட்தான் செல்லும். அவள் ஏற்கெனவே ஒன்று எடுத்திருந்தால், இரண்டாவதைச் சேர்த்த பிறகும் விசாவின் கண்ணில் 9 கிரெடிட்தான். திரையில் 12 என்று தெரிவதால் இது உடனே உறைக்காது.

இரண்டு சிக்கலையும் ஒன்றாகத் தீர்க்க வழி உண்டு. ரத்தான பாடத்தை நடத்தவிருந்த பேராசிரியரிடமே, அதே பாடத்தைத் தனிப்படிப்பாக வழிநடத்த முடியுமா என்று கேட்கலாம். அவர் மறுத்தால், புள்ளியியல் போன்ற வேறு துறையில் நேரடி வகுப்பாக நடக்கும் நிகரான பாடத்தைத் தேடி, இரண்டின் பாடத்திட்டத்தையும் இணைத்து, மாற்றுப் பாடமாக ஏற்கும்படி துறைத் தலைவருக்கு எழுத வேண்டும். அட்வைசர் வாய்மொழியாகத் தலையாட்டியது போதாது. பட்டத் தகுதிப் பட்டியலில் அந்தக் கட்டாயப் பாடம் நிறைவானதாகக் காட்டுகிறதா என்று பார்த்தால்தான் உறுதி.

எதுவும் கிடைக்காவிட்டால்? குறைந்த கிரெடிட்டுடன் படிக்க அனுமதிக்கும் காரணங்களாக விதி சொல்பவை நோய், தொடக்கக்காலப் படிப்புச் சிரமம், கடைசி செமஸ்டர் போன்றவை. வகுப்பு ரத்தானது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மின்னஞ்சல் வந்த அன்றே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைப் பார்ப்பது நல்லது. படிப்பு நீளும் என்று தெரிந்தால், ஐ-20 படிவத்தில் உள்ள முடிவுத் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். ரத்து மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். தாமதத்துக்கு அதுதான் சான்று.