ஒரு ‘ப்’ சேர்ந்தால் இரண்டு கிரெடிட்

மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் பள்ளி, கூட்டுறவுச் சங்கம், சீட்டு நடத்துபவர் என்று பலரும் இப்போது பல்க் எஸ்எம்எஸ் வாங்குகிறார்கள். எல்லாரும் சொல்லும் புகாரும் ஒன்றுதான்: “ஆயிரம் பேருக்கு அனுப்பினோம், இரண்டாயிரம் கிரெடிட் போய்விட்டது, ஏமாற்றிவிட்டான்.” பில்லை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். அனுப்பிய செய்தியை யாரும் எண்ணிப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். விற்றவரோ இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார். கேட்டால், “யூனிகோடு சார், அப்படித்தான்” என்பார். அது விளக்கம் ஆகாது.

விளக்கம் இதுதான். ஒரு எஸ்எம்எஸ் சுமக்கக்கூடியது 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்து அடங்கும். தமிழ் அந்த ஆங்கிலப் பட்டியலில் இல்லை. அதனால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 2 பைட் போகிறது. 70 குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். 71 ஆனால் செய்தி இரண்டாக உடையும். உடைந்த துண்டுகளை மறுமுனையில் வரிசையாக ஒட்ட ஒவ்வொன்றிலும் 6 பைட் போய்விடுவதால், துண்டுக்கு 67தான் மிஞ்சும். கிரெடிட் கழிவது துண்டுக்கணக்கில், ஆள்கணக்கில் அல்ல. தமிழுக்கென்று தனி 7 பிட் அட்டவணை சர்வதேசத் தரத்தில் பல ஆண்டுகளாக இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நம்மிடம் விற்கும் விற்பனையாளர்கள் எண்ணுவது 70ஐ வைத்துத்தான்.

இங்கே கவனியுங்கள்: நான் குறியீடு என்றேன், எழுத்து என்று சொல்லவில்லை. ‘க’ ஒன்று, ‘கி’ இரண்டு, ‘க்’ இரண்டு. புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி இடம் போகிறது. மேலநீலிதநல்லூர் என்பது கண்ணுக்கு 9 எழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு 15. “மேலநீலிதநல்லூர், தென்காசி மாவட்டம்” என்று முகவரி போட்டால் 34 போய்விட்டது; கிட்டத்தட்ட பாதிச் செய்தி.

ஒரு செய்தியையே எடுத்து எண்ணிப் பார்ப்போம்.

“அன்புள்ள பெற்றோரே, நாளை மழை காரணமாக பள்ளிக்கு விடுமுறை. தலைமை ஆசிரியர்”

கண்ணுக்கு, இடைவெளியும் சேர்த்து, 45. எஸ்எம்எஸ் கணக்கில் சரியாக 70. ஒரு துண்டு, ஒரு கிரெடிட். இப்போது தமிழாசிரியர் வந்து, “காரணமாகப் பள்ளிக்கு என்று ஒற்று மிக வேண்டும்” என்று திருத்துகிறார். அவர் சொல்வது சரி. ஆனால் ‘ப்’ என்பது இரண்டு குறியீடு, 72 ஆகிவிட்டது. 1,200 பெற்றோர், துண்டுக்கு 20 காசு என்று வைத்துக்கொண்டால், 240 ரூபாய் 480 ஆகிறது. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 283 ரூபாய் 20 காசு என்பது 566 ரூபாய் 40 காசு. ஒற்றை விடச் சொல்லவில்லை. ‘அன்புள்ள’வையும் அதன் பின்னுள்ள இடைவெளியையும் எடுங்கள்: 63. இலக்கணமும் பிழைத்தது, பணமும் பிழைத்தது.

சிலர் இதற்குப் பயந்து ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புகிறார்கள். மலிவுதான். ஆனால் வீட்டிலிருக்கும் பாட்டி அதைப் படிக்கமாட்டார். படிக்க முடியாத செய்தி ஒரு காசானாலும் வீண்.

ஆங்கிலத்தில் அனுப்புபவர்களும் தப்பவில்லை. முழு ஆங்கிலச் செய்தியில் ₹ என்ற ஒற்றைக் குறி இருந்தால் போதும், அது ஆங்கிலப் பட்டியலில் இல்லாததால் செய்தி முழுவதும் 70 கணக்குக்கு மாறிவிடும். 150 எழுத்துச் செய்தி ஒரு துண்டிலிருந்து மூன்று துண்டாகும். வேர்டில் தட்டி ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறியும் இதையே செய்யும். Rs என்று எழுதுங்கள்.

ஆகவே, டெம்ப்ளேட் பதிவுக்குப் போகும் முன்பே எண்ணுங்கள். முன்பே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: டிராயின் 2018 விதிமுறைப்படி டிஎல்டி தளத்தில் நிறுவனம், ஹெடர், டெம்ப்ளேட் மூன்றும் பதிவாகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதன் பிறகு ஓர் ஒற்றை எடுப்பதென்றாலும் புதிதாக டெம்ப்ளேட் போட்டுக் காத்திருக்க வேண்டும். எக்செலில் A2 கட்டத்தில் செய்தியை ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=IF(LEN(A2)<=70,1,ROUNDUP(LEN(A2)/67,0))
```

வருகிற எண்தான் தமிழ்ச் செய்தியின் துண்டுகள். பதிவின்போது செய்தி வகையில் ‘யூனிகோடு’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். அனுப்பும் பக்கத்திலும் அப்படியே. தவறினால் பெற்றோருக்குக் கேள்விக்குறி வரிசைதான் போகும், கிரெடிட்டும் கழியும். டெம்ப்ளேட்டில் நிறுவனப் பெயர் இல்லையென்று பல நேரம் திருப்பி அனுப்புவார்கள். ‘தலைமை ஆசிரியர்’ இருந்த இடத்தில் பள்ளியின் சுருக்கப் பெயரைப் போடலாம், அங்கே 14 குறியீடு இருக்கிறது. முழு முகவரி வேண்டாம்.

டெம்ப்ளேட்டில் ஆளுக்கு ஆள் மாறும் விவரத்துக்கு விடும் இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மேலே சொன்ன 63 குறியீட்டுச் செய்தியின் தொடக்கத்தில் மாணவர் பெயரைச் சேர்த்தால், ‘கனி’ வீட்டுக்கு இடைவெளியோடு 67, ஒரு துண்டு. ‘பேச்சிமுத்து’ வீட்டுக்கு 76, இரண்டு துண்டு. ஒரே செய்திக்கு இரு விலை. பில்லை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் கணக்கு உதைப்பது இதனால்தான். பட்டியலிலேயே நீளமான பெயரைப் போட்டு எண்ணுங்கள். எண்ணிய பிறகும் உங்கள் ஒரு செல்லுக்கு மட்டும் அனுப்பி, எத்தனை கிரெடிட் கழிந்தது என்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

வாங்கும்போது கொட்டேஷனிலேயே மூன்று வரி எழுதி வாங்குங்கள்: விலை துண்டுக்கா செய்திக்கா, தமிழுக்கு முதல் துண்டு 70, உடைந்தால் துண்டுக்கு 67 என்பதுதான் கணக்கா, சேராத செய்திக்கும் காசா. வாயால் சொன்னது செல்லாது, வாட்ஸ்அப் குரல்பதிவும் வேண்டாம். மின்னஞ்சலில் வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பில் இடித்தால், டெலிவரி ரிப்போர்ட்டைத் துண்டு எண்ணிக்கையோடு இறக்கி, எக்செல் கணக்கை அருகில் வைத்து, வேறுபடும் வரிகளை மட்டும் குறித்து விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பலர் 1909க்குப் போன் போடுகிறார்கள். அது வேண்டாத விளம்பரச் செய்திகள் பற்றிப் புகார் செய்வதற்கான எண். உங்கள் பில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிராய்க்கு மனு எழுதுவதும் வீண், அது தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுக் கட்டணம் இல்லை. ஆனால் வியாபார நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் மனு நிற்காமல் போகலாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் சிறு தொழிலுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு. அதனால் ஜிஎஸ்டி பில், கொட்டேஷன் மின்னஞ்சல், ரிப்போர்ட் மூன்றையும் வைத்திருங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மனுச் செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அனுப்பும் தளத்தில் பழைய ரிப்போர்ட் அவ்வளவு காலம் கிடக்கும் என்று நம்பாதீர்கள். மாதாமாதம் இறக்கி வையுங்கள்.