சரியாகத் திரும்பி வந்த தவறு

"கடந்த 2 வாரங்களில், செய்கிற வேலைகளில் உங்களுக்குச் சிறிது ஆர்வமோ மகிழ்ச்சியோ இருந்ததா?"

மகனுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் ஒரு அம்மாவிடம் இப்படிக் கேட்டால், "தினமும்தான்" என்று சிரிப்பார். கேட்டவர் தாளில் 3 என்று குறித்துக்கொள்வார். அந்தத் தாளின் கணக்குப்படி 3 என்பது மனச்சோர்வின் பக்கம் சேரும் மதிப்பெண். அடுத்த வீட்டில், எதிலும் மனம் ஒட்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் "இல்லவே இல்லை" என்பார். அவருக்கு 0. நலமாக இருப்பவர் நோயாளி ஆகிறார், நோயாளி நலமாகிவிடுகிறார்.

கேள்வி வந்த இடம், உலகெங்கும் மருத்துவமனைகளிலும் ஆய்வுகளிலும் புழங்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஆங்கில வினாத்தாள். 1990களின் கடைசியில் அமெரிக்காவில் ஸ்பிட்ஸர், குரோன்கி, வில்லியம்ஸ் ஆகியோர் உருவாக்கியது. 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 27. பொதுவாக 10-ஐ எட்டினால் மருத்துவர் விசாரித்துப் பார்க்க வேண்டியவர் என்று கொள்கிறார்கள். முதல் கேள்வியே "லிட்டில் இன்ட்ரஸ்ட் ஆர் பிளஷர்" என்றுதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் "எ லிட்டில்" என்றால் கொஞ்சம் இருக்கிறது. அந்த ஒற்றை "எ" இல்லாமல் வெறும் "லிட்டில்" என்றால் ஏறக்குறைய இல்லை. அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் கையில் இரண்டுமே "சிறிது" ஆகிவிடும். உண்மையில் அங்கே கேட்க வேண்டியது "ஆர்வமே இல்லாமல் போனதா" என்பது. ஒரே கேள்விதானே என்று விட்டுவிட முடியாது. 11 வாங்க வேண்டியவர் இந்த ஒரு கேள்வியில் 3-ஐ இழந்தால் 8-ல் நின்றுவிடுவார்.

(இங்கே வரும் தமிழ் வரிகள் விளக்கத்துக்காக எழுதியவை, புழக்கத்தில் உள்ள எந்தத் தமிழ் வடிவத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. நிஜத்தில் ஆய்வு செய்பவர் முதலில் தேட வேண்டியது, ஏற்கெனவே சோதித்த தமிழ் வடிவம் கிடைக்கிறதா என்பதைத்தான்.)

இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்கத்தான் மறுமொழிபெயர்ப்பு என்ற முறை இருக்கிறது. இருவர் தனித்தனியே ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒரே வடிவமாக்குவார்கள். பிறகு, மூல வினாத்தாளைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். மூல ஆங்கிலத்தையும் திரும்பி வந்த ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விலகல் இருக்கும் இடத்தில் குழு உட்கார்ந்து பேசும். தமிழ் தெரியாத மூல ஆசிரியரும் இதில் கலந்துகொள்ளலாம் என்பது இந்த முறையின் பெரிய வசதி.

இப்போது நம் "சிறிது" என்ன ஆகிறது? திருப்பி மொழிபெயர்ப்பவர் "லிட்டில் இன்ட்ரஸ்ட்" என்று எழுதினால் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். குழு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். அவர் "சம் இன்ட்ரஸ்ட்" என்று எழுதினால் மட்டுமே மாட்டும். பிழை பிடிபடுவது மொழிபெயர்ப்பாளரின் அன்றைய சொல் தேர்வைப் பொறுத்தது என்றால், அதைச் சோதனை என்று எப்படிச் சொல்வது?

இந்த ஓட்டை புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. மறுமொழிபெயர்ப்பை ஆய்வுலகில் பரவலாக்கிய ரிச்சர்ட் பிரிஸ்லினே 1970-ல் இதை எழுதிவிட்டார். குவாம் பல்கலைக்கழகத்தில் 10 மொழிகளைச் சேர்ந்த 94 இருமொழியாளர்களை வைத்து அவர் செய்த ஆய்வு அது. திரும்பி வரும் ஆங்கிலம் நன்றாக இருப்பதற்கு நல்ல மொழிபெயர்ப்பு அல்லாத வேறு காரணங்களும் உண்டு என்றார் அவர். இரு மொழியும் படித்தவர்களிடம் இந்தச் சொல்லுக்கு இந்தச் சொல் என்று பொதுவான அகராதி ஒன்று தலைக்குள் இருக்கும். திருப்பி எழுதுபவர் கெட்டிக்காரராக இருந்தால், கொச்சையான மொழிபெயர்ப்பிலிருந்தும் சொல்ல வந்ததை ஊகித்துவிடுவார். முதல் மொழிபெயர்ப்பாளர் ஆங்கில வாக்கிய அமைப்பை அப்படியே தமிழில் கொண்டுவந்திருந்தால், திருப்புவது இன்னும் சுலபம். தமிழ் எவ்வளவு மோசமோ ஆங்கிலம் அவ்வளவு அழகாகத் திரும்பி வரும்.

இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கை. நல்ல தமிழ் சில சமயம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். பி.எச்.க்யூ-9-ன் விடைகள் நான்கு படிகள்: இல்லவே இல்லை, "செவரல் டேஸ்", பாதி நாட்களுக்கு மேல், கிட்டத்தட்ட தினமும். "செவரல்" என்பதற்கு அகராதி சொல்லும் பொருள் "பல". ஆனால் "பல நாட்கள்" என்று தமிழில் சொன்னால் 14 நாளில் 10 நாள்போலக் காதில் விழும். அப்புறம் "பாதி நாட்களுக்கு மேல்" என்பது அதைவிடக் குறைவா, கூடுதலா? படிவரிசையே குழம்பிவிடுகிறது. "சில நாட்கள்" என்று போட்டால் வரிசை சரியாக நிற்கும். ஆனால் அது "சம் டேஸ்" அல்லது "எ ஃபியூ டேஸ்" என்று திரும்பி வரும், குழுவில் யாராவது சிவப்பு மையில் வட்டம் போடுவார்கள். தவறான "பல" தேறிவிடும், சரியான "சில" மாட்டிக்கொள்ளும். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நடக்கும் சமூகக் கணக்கெடுப்பு மறுமொழிபெயர்ப்பை நம்பாமல், மொழிபெயர்ப்பாளர்களும் துறையறிந்தவர்களும் கூடி உட்கார்ந்து நேரடியாக அலசும் முறைக்குப் போனதில் வியப்பில்லை.

ஆகவே தாள் வீட்டு வாசலுக்குப் போயாக வேண்டும்.

முன்னோட்டச் சோதனை என்றதும் பலரும் 30 பேரிடம் நிரப்பி வாங்கி, "எல்லோருக்கும் புரிந்தது, சராசரியாக 12 நிமிடம் ஆனது" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். புரிந்ததா என்று கேட்டால் நம் ஊரில் யார் இல்லை என்பார்கள்? தாளோடு வந்த படித்த பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்றே "புரியுதும்மா" என்று சொல்லிவிடுவார்கள். கேட்க வேண்டிய விதம் வேறு. கேள்வியை வாசித்துவிட்டு, "இப்ப நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கக்கா" என்று கேட்க வேண்டும். விடை சொன்ன பிறகு, "எதை நினைச்சு அப்படிச் சொன்னீங்க?" என்று தொடர வேண்டும். விடைப் படிகளுக்கு நான்கு அட்டைகளைக் கையில் கொடுத்து, குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கச் சொல்லலாம். ஒவ்வொரு அட்டைக்கும் 14 நாளில் எத்தனை நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். "பல நாட்கள்" அட்டை மூன்றாவது இடத்துக்குப் போகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும், யாரும் வாதாட வேண்டியதில்லை.

இந்தப் பேச்சில்தான் "சோர்வு" மாட்டும். இரண்டாவது கேள்வியில் "டிப்ரஸ்ட்" என்ற சொல் வருகிறது, அதற்குப் புத்தகத் தமிழ் மனச்சோர்வு. நான்காவது கேள்வி உடல் களைப்பைப் பற்றியது, அதற்கும் எளிதில் வரும் சொல் சோர்வு. மறுமொழிபெயர்ப்பில் ஒன்று "டிப்ரஷன்" என்றும் மற்றொன்று "டயர்ட்" என்றும் அழகாகப் பிரிந்து வந்துவிடும். ஆனால் காலையிலிருந்து தறியில் நின்றவரிடம் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான்: "பின்னே, நாள் முழுக்க நின்னா சோர்வு இருக்காதா?" அவர் காதில் விழுந்தது பின்பாதி மட்டும். ஆங்கிலத்தில் இரண்டாக இருந்த கேள்விகள் தமிழில் ஒன்றாகி, உடல் உழைப்பாளிகள் எல்லோருக்கும் மதிப்பெண் இரட்டிப்பாக ஏறும். ஒன்றை "மனசு பாரமா, நம்பிக்கை இல்லாம" என்றும், மற்றதை "உடம்பு அசதி" என்றும் பிரித்துப் பார்த்து, இன்னொரு சுற்று கேட்க வேண்டும்.

அப்படி எழுதினால் பேச்சுத்தமிழ் ஆகிவிடுமே என்று குழுவில் ஒரு தயக்கம் எழும். ஆனால் செந்தமிழில் அச்சிட்டுக் கொடுத்தாலும் வாசலில் நிற்பவர் அதைப் பேச்சுவழக்காக மாற்றித்தான் கேட்கப் போகிறார். ஆறு களப்பணியாளர்கள் இருந்தால் ஆறு வினாத்தாள்கள். மாற்றும் வேலையை அவர்களிடம் விடாமல், கேட்க வேண்டிய பேச்சு வடிவத்தையே அச்சிடுவது மேல். எந்த ஊர்ப் பேச்சு என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். எட்டாவது கேள்வி, மற்றவர் கவனிக்கும் அளவுக்கு மெதுவாகப் பேசுவதைப் பற்றியது. அதே தாளை யாழ்ப்பாணத்துக்கு எடுத்துப் போனால் அங்கே பேசுவது என்றால் திட்டுவது, நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். சென்னையில் உட்கார்ந்து திருப்பி மொழிபெயர்ப்பவருக்கு இது கனவிலும் தோன்றாது.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். "செத்துரலாம்போல இருக்கு" என்பது வெயிலுக்கும் பஸ் கூட்டத்துக்கும்கூடச் சொல்லும் சொல் என்பதால் சலிப்பையும் உண்மையான எண்ணத்தையும் இங்கே பிரித்தறிய வேண்டும். முன்னோட்டம்தானே என்று வெறுங்கையோடு போகவும் கூடாது. ஆம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே யாரிடம் அழைத்துப் போவது என்பதை முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

எத்தனை பேர் போதும்? இப்படி விரிவாகப் பேசுவதற்கு ஒரு சுற்றுக்கு 8 முதல் 10 பேர், திருத்திய பின் இன்னொரு சுற்று. அதன் பிறகு முழுத்தாளையும் 30 முதல் 40 பேரிடம் நிரப்பிப் பார்க்கச் சொல்கிறது பீட்டன் குழுவினர் 2000-ல் வெளியிட்ட வழிமுறை. படித்தவர், படிக்காதவர், முதியவர், இளைஞர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். கல்லூரி மாணவர்களை மட்டும் வைத்து முடித்தால் "மனச்சோர்வு" தேறிவிடும்.

நிரப்பிய தாள்களிலும் தடயம் இருக்கும். ஒவ்வொரு கேள்வியின் மதிப்பெண்ணையும் மற்ற எட்டின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட வேண்டும். மற்றவற்றில் அதிகம் வாங்கியவர் இதிலும் அதிகம் வாங்கியிருக்க வேண்டும். "சிறிது ஆர்வம்" போன்ற கேள்வியில் அது தலைகீழாகிக் கழித்தல் குறியோடு நிற்கும். 40 பேரில் கிடைக்கும் எண்ணை முடிவாகக் கொள்ள முடியாது, சந்தேகப்பட அது போதும். ஆனால் இரண்டு "சோர்வு"க் கேள்விகளும் ஒன்றாகிவிட்ட பிழை இந்தக் கணக்கில் மாட்டாது. அவை ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போவதால் தாளின் நம்பகத்தன்மை எண் இன்னும் உயர்ந்தே தெரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் 10 என்ற வரம்பு ஆங்கிலத் தாளுக்கு உரியதாகவே இருக்கிறது. தமிழில் அந்தக் கோடு 8-ல் விழலாம், 12-லும் விழலாம். அதை அறிய, தாளை நிரப்பியவர்களை மதிப்பெண் தெரியாத மனநல மருத்துவர் ஒருவர் தனியே விசாரித்து, இரண்டு முடிவுகளையும் பொருத்திப் பார்க்க வேண்டும். சென்னையில் கியூர்ஸ் என்ற நீரிழிவு ஆய்வுக் குழு இதே குடும்பத்தைச் சேர்ந்த வினாத்தாளை 12 கேள்விகளாக மாற்றியமைத்தபோது, அதன் நம்பகத்தன்மையையும் செல்லுபடித்தன்மையையும் தனியே சோதித்து 2009-ல் வெளியிட்டது.